ஜப்பானிய மொழித் திரை உள்ள காரில் ஏசியும் போன் இணைப்பும்: முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் ஓடிவிட்டு வெளிநாட்டுக்கு வரும் கார்களில் எஞ்சினும் இருக்கையும் ஏசியும் நன்றாகவே இருக்கும். நடுவில் உள்ள திரை மட்டும் முழுக்க ஜப்பானிய மொழியில் பேசும். புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் ஓட்டிக்கொண்டே போனை இணைக்கப் பார்ப்பார்கள். மெனு திறக்காது. கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்துவார்கள். கடைசியில் திரையே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

திரையில் இருப்பதை எல்லாம் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. படக்குறிகள், வாக்கியத்தின் கடைசி எழுத்துகள், பத்துப் பன்னிரண்டு சொற்கள், இவை தெரிந்தால் போதும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் ஏசி, அடுத்து மொழி அமைப்பு, அப்புறம்தான் போன். போன் இணையாவிட்டாலும் காரை ஓட்டலாம். முன் கண்ணாடி மங்கினால் ஓட்ட முடியாது.

1. கை வைக்கும் முன்

காரை ஓரமாக நிறுத்தி, கியரை P-யில் போட்டு, பார்க்கிங் பிரேக்கையும் போடுங்கள். இரண்டும் வேண்டும். கார் நகர்கிறதா என்பதைச் சில திரைகள் கியரை வைத்துக் கண்டுகொள்ளும், சில பார்க்கிங் பிரேக்கை வைத்துக் கண்டுகொள்ளும். நகர்வதாக நினைத்தால் போன் பதிவு போன்ற மெனுக்கள் சாம்பல் நிறமாகிவிடும், அல்லது 走行中は操作できません என்று ஒரு வரி வரும். ஓடும்போது இயக்க முடியாது என்பதே அதன் பொருள். திரை பழுதாகிவிட்டது என்று நினைக்க இந்த ஒரு வரியே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது மின்சாரம். ஸ்டார்ட் பட்டன் உள்ள காரில் பிரேக்கை மிதிக்காமல் ஒருமுறை அழுத்தினால் ACC நிலைக்குப் போகும். திரை எரியும், ரேடியோ பாடும், ஆனால் ஏசி அசையாது. ஏசி மெனுவைப் பார்க்க வேண்டுமானால் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள். ஹைபிரிட் காராக இருந்தால் எஞ்சின் சத்தம் வராமலே போகலாம். டேஷ்போர்டில் READY என்று எரிகிறதா என்று பாருங்கள். அது எரியாமல் ஏசி குளிராது. ஸ்டார்ட் செய்யாமல் ACC-யிலேயே வெகுநேரம் திரையை நோண்டிக்கொண்டிருந்தால் 12 வோல்ட் பேட்டரியும் இறங்கிவிடும்.

மூன்றாவது வேலையைப் பலரும் விட்டுவிடுவார்கள். எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு மெனுப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு எங்கேயாவது வழி தவறினால் பழைய நிலை என்னவென்று தெரிய அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி. கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும் செயலியை வைத்துக்கொள்வதும் நல்லது. இணையம் இல்லாத இடத்திலும் ஓடும்படி ஜப்பானிய மொழிக்கான கோப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள். ஆனால் பட்டனில் தனியாக நிற்கும் ஒற்றைச் சொல்லை இந்தச் செயலிகள் அடிக்கடி தவறாகச் சொல்லும். முழு வாக்கியம் வரும்போது மட்டும் நம்புங்கள். திரையில் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் எழுத்து மாறிப் படிக்கும் என்பதால் போனைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள்.

2. ஏசி: எழுத்தை விட்டுப் படத்தைப் பாருங்கள்

ஏசி பட்டன்களில் இருக்கும் படங்கள் எந்த நாட்டுக் காராக இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ISO 2575 என்ற சர்வதேசத் தரம் அவற்றை வரையறுத்து வைத்திருக்கிறது. அதனால் ஏசிக்கு மொழி ஒரு பெரிய தடையே இல்லை. தனி பட்டன் இல்லாமல் திரைக்குள்ளேயே ஏசி இருந்தாலும் அதே படங்கள்தான் வரும். அந்தப் பக்கத்துக்குப் போக விசிறிப் படத்தையோ エアコン என்ற சொல்லையோ தேடுங்கள்.

முதலில் AUTO-வை அழுத்தி வெப்பநிலையை 25-க்கு வையுங்கள். AUTO-வில் இருக்கும்போது அந்த எண் உள்ளே எவ்வளவு வெப்பம் இருக்க வேண்டும் என்பதற்கான இலக்கு. விசிறியின் வேகத்தையும் காற்று வரும் திசையையும் கார் தானே பார்த்துக்கொள்ளும். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் எண்ணை அடிவரை இறக்குவது பலருக்குப் பழக்கம். கடைசியில் LO என்று வரும். அது 'மிகக் குறைந்த வெப்பநிலை' என்ற இலக்கு அல்ல. இலக்கே இல்லாமல் முழு வேகத்தில் குளிரூட்டு என்ற கட்டளை. இன்னொரு முனையில் இருக்கும் HI-யும் அப்படியே, சூடாக்குவதில். 25-இல் விட்டுப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு அரை அரை டிகிரியாகக் குறைப்பதே எளிது.

இடையில் விசிறி வேகத்தைத் தொட்டால் AUTO விளக்கு அணைந்துவிடும். எதுவும் கெட்டுவிடவில்லை. வேகம் உங்கள் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். திரும்ப AUTO-வை அழுத்தினால் கார் எடுத்துக்கொள்ளும்.

A/C என்ற பட்டன் கம்ப்ரசருக்கானது. அது அணைந்திருந்தால் விசிறி ஓடும், காற்று வரும், குளிர் வராது. பல கார்களில் இந்த விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஏசியில் பழுது என்று பொருள். அதற்கு மெனுவில் தேடிப் பயனில்லை, மெக்கானிக்கைப் பாருங்கள்.

கார் வடிவத்துக்குள் அம்பு வளைந்து திரும்பும் படம் உள்காற்றுச் சுழற்சி. வெளியிலிருந்து அம்பு உள்ளே நுழையும் படம் வெளிக்காற்று. திரையில் 内気 என்று வந்தால் உள்காற்று, 外気 என்று வந்தால் வெளிக்காற்று. முன்னால் போகும் லாரியின் புகைக்கும் தூசிக்கும் உள்காற்று சரி. அதிலேயே விட்டுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் மூச்சில் விடும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியில் படியும். மழை நாளில் கண்ணாடி மங்குகிறது என்பவர்களின் காரில் முதலில் இந்த விளக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டுநர் பக்கமும் பக்கத்து இருக்கையும் வேறு வேறு வெப்பநிலை காட்டினால் 左右独立 அல்லது DUAL என்ற பட்டன் போட்டிருக்கும். அணைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ナノイー என்று ஒரு விளக்கு இருந்தால் அது காற்றில் நுண்துகள்களை விடும் கருவி; குளிருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

3. கண்ணாடி மங்கினால்: உள்ளேயா, வெளியேயா?

இங்கே இரண்டு படங்கள் இருக்கின்றன. மேல் பக்கம் வளைந்த, விசிறி போன்ற வடிவத்தில் நெளிந்த அம்புகள் இருந்தால் முன் கண்ணாடி. நேரான செவ்வகத்தில் அதே அம்புகள் இருந்தால் பின் கண்ணாடி. பின் கண்ணாடிக்குக் காற்று போவதில்லை. அதில் ஓடும் மெல்லிய கம்பிகள் சூடாகும். முன்னால் மங்கும்போது அவசரத்தில் செவ்வகத்தை அழுத்திவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று காத்திருப்பது சகஜமான தவறு. வளைவா, செவ்வகமா என்று நிற்கும்போதே விரல் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

முன் கண்ணாடிப் பட்டனை அழுத்தியதும் பெரும்பாலான கார்கள் காற்று முழுவதையும் கண்ணாடிக்குத் திருப்பும். கூடவே கம்ப்ரசரைப் போட்டு வெளிக்காற்றுக்கும் மாறும். கம்ப்ரசர் குளிருக்காக மட்டும் ஓடுவதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தையும் அதுதான் வடிக்கிறது. ஆகையால் குளிராக இருக்கிறதே என்று A/C-யை அணைக்காதீர்கள். வெப்பநிலையைக் கூட்டுங்கள். ஈரம் நீங்கிய காற்று சூடாக வந்து மங்கலைச் சீக்கிரம் போக்கும்.

இது உள்பக்கம் மங்கினால் செய்ய வேண்டியது. வெக்கையும் ஈரமும் சேர்ந்த நாளில் நேர்மாறாக நடக்கும். ஏசியின் குளிர்க்காற்று கண்ணாடியில் பட்டு அது சில்லிட்டுவிடும். வெளியே உள்ள ஈரக்காற்று அதன் மேல், வெளிப்பக்கத்தில், பனி போலப் படியும். அப்போது முன் கண்ணாடிப் பட்டனை அழுத்தி இன்னும் குளிர்க்காற்றை அடித்தால் மங்கல் கூடும்.

எந்தப் பக்கம் என்று தெரிய வைப்பரை ஒருமுறை ஓட்டுங்கள். துடைத்த இடம் தெளிந்தால் மங்கல் வெளியே இருக்கிறது. காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ திருப்பி, வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றி, வைப்பரை விட்டு விட்டு ஓட விடுங்கள். வைப்பர் ஓடியும் அப்படியே இருந்தால் மங்கல் உள்ளே, வளைந்த பட்டன்தான்.

4. மொழியை மாற்ற முடியுமா?

மாற்ற முடியும் என்றால் மீதி வேலை பாதியாகக் குறையும் என்பதால் போனுக்கு முன்னால் இதைப் பார்த்துவிடுவது நல்லது. MENU பட்டனை அழுத்தி 設定 என்ற இரண்டு எழுத்துகளைத் தேடுங்கள். பெரும்பாலும் பக்கத்தில் பற்சக்கரப் படம் இருக்கும். அதற்குள் 言語 என்றோ Language என்றோ வரி இருந்தால் திறந்து, English அல்லது 英語 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில யூனிட்டுகளில் இந்த வரி நேராகக் கண்ணில் படாது. 一般 அல்லது システム என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். இவ்விரண்டிலும் பார்த்துவிட்டால் போதும்.

இல்லையென்றால் இல்லைதான். ஜப்பான் சந்தைக்கென்றே செய்த பல யூனிட்டுகளில் வேறு மொழியே ஏற்றப்பட்டிருக்காது. இன்னும் ஆழமாகத் தேடினால் கிடைக்கும் என்று ரகசிய மெனுக்களுக்குள் போக வேண்டாம். மொழி மாற்றும் மென்பொருள் என்று யாராவது கொண்டுவந்தால், திரையின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணுக்கே அது செய்யப்பட்டதா என்று பார்க்காமல் ஏற்ற விடாதீர்கள். பாதியில் நின்றால் ஜப்பானிய மொழியும் போய்க் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

இன்னொன்று, நடுத்திரையின் மொழியை மாற்றினாலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரை மாறாமல் இருக்கலாம். பல கார்களில் இவை இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு.

மொழி மாறாத காரிலும் ஒரு குறுக்கு வழி இருக்கலாம். ஆப்பிள் கார்பிளே அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ள யூனிட் என்றால், போனை USB-யில் செருகியதும் போனின் திரையே காரில் வரும், அதுவும் போனில் நீங்கள் வைத்திருக்கும் மொழியிலேயே. வரைபடம், அழைப்பு, பாட்டு எல்லாம் அதில் முடிந்துவிடும். ஏசியும் காரின் சொந்த அமைப்புகளும் மட்டும் ஜப்பானியத்திலேயே இருக்கும். செருகியும் ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளும் உண்டு, சார்ஜ் மட்டும் தரும் USB துளையும் உண்டு.

5. வாக்கியத்தின் வாலைப் பாருங்கள்

தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். திரையில் எவ்வளவு நீளமாக எழுதியிருந்தாலும், நடந்துவிட்டதா, நடக்கவில்லையா, உங்களைக் கேட்கிறதா என்பது வாலில் தெரிந்துவிடும். முன்னால் இருப்பதை விட்டுவிட்டு முடிவை மட்டும் பாருங்கள்:

- …ました என்று முடிந்தால், வேலை முடிந்தது.
- …ますか என்று முடிந்தால், 'செய்யட்டுமா?' என்று கேட்கிறது. கீழே இரண்டு பட்டன் இருக்கும்.
- …ません என்று வந்தாலே இல்லை, முடியாது. அதற்குப் பின்னால் でした ஒட்டியிருந்தால் முயன்று பார்த்து முடியவில்லை.
- …ください என்று முடிந்தால், நீங்கள் ஏதோ செய்ய வேண்டும் என்கிறது. お待ちください என்றால் பொறுங்கள்.
- 中 என்ற ஒற்றை எழுத்து சொல்லின் பின்னால் நின்றால், அது இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

இத்துடன் கீழே உள்ள சொற்களைப் போனில் ஒரு படமாக வைத்துக்கொள்ளுங்கள்:

- はい ஆம், いいえ இல்லை. இரண்டெழுத்து ஆம், மூன்றெழுத்து இல்லை என்று நினைவில் வைக்கலாம்.
- 戻る பின்னால் போ
- 決定 சரி, உறுதி செய்
- 登録 புதிதாகப் பதிவு செய்
- 追加 சேர்
- 接続 இணை
- 切断 இணைப்பைத் துண்டி
- 電話 தொலைபேசி
- 音量 ஒலி அளவு
- 削除 நீக்கு
- 初期化 எல்லாவற்றையும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோ

இதில் 登録-ஐயும் 接続-ஐயும் ஒன்று என்று நினைத்தால் அடுத்த கட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள். 登録 என்பது காருக்கும் போனுக்கும் அறிமுகம். ஒருமுறை செய்தால் போதும். 接続 என்பது ஒவ்வொரு முறையும் நடக்கும் இணைப்பு, பெரும்பாலும் தானாகவே. புதிய போனுக்கு 接続 பக்கத்தைத் திறந்தால் பட்டியல் காலியாக இருக்கும், அல்லது பழைய உரிமையாளரின் போன் பெயர் மட்டும் இருக்கும். அங்கே எத்தனை முறை தட்டினாலும் உங்கள் போன் வராது.

6. போனைப் பதிவு செய்தல்

முதலில் போனை எடுங்கள், காரை அல்ல. போனின் அமைப்புகளில் புளூடூத் பக்கத்தைத் திறந்து அப்படியே திறந்த நிலையில் வையுங்கள். அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதுதான் போன் பிறர் கண்ணுக்குத் தெரியும். மூடிவிட்டு வேறு செயலிக்குப் போனால் கார் தேடினாலும் கிடைக்காது. முடிந்தால் காரில் இருக்கும் மற்றவர்களின் போனில் புளூடூத்தை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது காரில் MENU, அதில் 設定, அதில் Bluetooth. இந்தச் சொல் ஜப்பானியத் திரையிலும் பெரும்பாலும் இதே எழுத்தில் இருக்கும், பக்கத்தில் அதன் நீலச் சின்னமும் இருக்கலாம். உள்ளே 登録 அல்லது 追加 உள்ள வரியைத் தட்டுங்கள். ますか என்று முடியும் கேள்வி வந்தால் はい.

சில யூனிட்டுகள் இந்த இடத்தில் தாங்களே தேடி, கிடைத்த போன்களைப் பட்டியலிடும். உங்கள் போன் பெயரைத் தட்டுங்கள். மற்றவை தங்கள் பெயரைத் திரையில் காட்டிவிட்டுக் காத்திருக்கும். அப்போது போனில் தேடி, அந்தப் பெயரைத் தட்ட வேண்டியது உங்கள் வேலை. இந்தக் காத்திருப்பு சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். போனை அதற்கு முன்பே தயாராக வைக்கச் சொன்னது அதனால்தான்.

அடுத்து எண் வரும். இரண்டு திரையிலும் ஒரே ஆறு இலக்க எண் தெரிந்தால், ஒன்றா என்று பார்த்துவிட்டுப் போனிலும் சம்மதம் கொடுத்து, காரிலும் はい அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்திவிட்டுக் காத்திருப்பதால் தோற்றுப்போகும் இணைப்புகள் ஏராளம். எண் வேறாக இருந்தால் いいえ அழுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் வேறு யாருடைய போனையோ கார் பிடித்திருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறை புளூடூத் 2.1-இல் வந்தது. அதற்கு முந்தைய பழைய யூனிட்டுகளில் திரையில் パスコード என்று ஒரு எண் மட்டும் தெரியும். அதைப் போனில் தட்டச்சு செய்ய வேண்டும்.

登録しました என்று வந்துவிட்டால் பதிவு முடிந்தது. உடனே போனைப் பையில் போட்டுவிடாதீர்கள். தொடர்புகளைக் காருடன் பகிரலாமா என்று போன் இன்னொரு கேள்வி கேட்கும். கவனிக்காமல் மறுத்துவிட்டால் அழைப்பு வரும், பேசலாம், ஆனால் காரில் பெயர்ப் பட்டியல் காலியாகவே இருக்கும்.

ஒரு அழைப்பும் ஒரு பாட்டும் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் காரை எடுங்கள். ஏனென்று அடுத்த பகுதியில் தெரியும்.

7. இணைந்தது, ஆனால் வேலை செய்யவில்லை

*பேச முடிகிறது, பாட்டு வரவில்லை.* புளூடூத்தில் அழைப்புக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி, பெயர்ப் பட்டியலுக்கு ஒரு வழி என்று தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று திறந்தால் மற்றது திறந்துவிட்டது என்று பொருளில்லை. முதலில் AUDIO பட்டனை அழுத்தி, எங்கிருந்து பாட வேண்டும் என்ற பட்டியலில் Bluetooth தேர்ந்தெடுங்கள். பாதி நேரம் ரேடியோவிலேயே நின்றிருக்கும். அப்படியும் வரவில்லை என்றால் Bluetooth பக்கத்தில் உங்கள் போனைத் திறந்து பாருங்கள். 電話 (அல்லது ハンズフリー), オーディオ என்று இரண்டு வரிகள் இருக்கலாம். இரண்டாவதை இணைக்க வேண்டும்.

*போன் இணைந்து உடனே துண்டிக்கிறது.* ஒரு பக்கத்தில் பழைய பதிவு மிச்சமிருக்கிறது. காரில் மட்டும் நீக்கிவிட்டுத் திரும்ப முயன்றால் போன் பழைய சாவியையே நீட்டும், கார் ஏற்காது. இரண்டு பக்கமும் நீக்குங்கள்: போனில் அந்தக் காரின் பெயரை மறக்கச் சொல்லுங்கள், காரில் உங்கள் போன் பெயரைத் தேர்ந்து 削除. அப்புறம் ஆறாவது பகுதியை முதலிலிருந்து செய்யுங்கள்.

*登録できません என்று வருகிறது.* கடைசியில் ません தெரிகிறதல்லவா, மறுப்பு. முன் உரிமையாளரின் போன்கள் இடத்தை நிரப்பியிருப்பது பெரும்பாலான சமயம் காரணமாக இருக்கும். 5 போனுக்கு மேல் வைத்துக்கொள்ளாத யூனிட்டுகள் உண்டு. தெரியாத பெயர்களை ஒவ்வொன்றாக 削除 செய்து இடம் உண்டாக்குங்கள்.

*பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.* தொடர்புகளைத் தமிழில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு வரும் தொல்லை இது. கார் யூனிட்டில் தமிழ் எழுத்துரு இல்லை. □□□ என்றுதான் காட்டும், தமிழ்ப் பாட்டின் தலைப்பும் அப்படியே. இதற்குக் காரில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அடிக்கடி அழைக்கும் நாலைந்து பேரின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றிவிட்டு, போனில் மறுபடி பகிர்வைத் தொடங்கினால் போதும். முழுப் பட்டியலையும் மாற்ற உட்காருவது வீண் வேலை.

ரேடியோவில் உள்ளூர் நிலையங்கள் கிடைக்கவில்லை என்பதையும் மெனுக் குழப்பமாகவே பலர் நினைக்கிறார்கள். ஜப்பானில் FM 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 95-இல் முடிகிறது; பழைய யூனிட்டுகள் 90-உடனே நின்றுவிடும். மற்ற நாடுகளில் பெரும்பாலான நிலையங்கள் அதற்கு மேலே இருக்கின்றன. எந்த மெனுவைத் திறந்தாலும் அவை வராது. இடையில் மாட்டும் அலைவரிசை மாற்றி என்ற சிறு கருவி வேண்டும், அல்லது போனிலிருந்து கேட்க வேண்டும்.

8. தொடக்கூடாத மூன்று

初期化 என்ற சொல் எங்கே கண்டாலும் 戻る. போன் பதிவு மட்டுமல்ல, கேமரா அளவீடு போன்ற அமைப்புகளும் அதில் போகலாம்.

SD அட்டையைக் கழற்றாதீர்கள். பாட்டு ஏற்றலாம் என்று எடுப்பவர்கள் உண்டு. பல ஜப்பானிய நேவி யூனிட்டுகளில் வரைபடம் மட்டுமல்ல, இயங்கும் மென்பொருளும் அந்த அட்டையில்தான் இருக்கும். எடுத்தால் 地図SDカードを挿入してください என்று ஒரே வரியில் நின்றுவிடும். வால் ください, அட்டையைச் செருகச் சொல்கிறது. அதே அட்டையைத் திரும்பச் செருகினால் பெரும்பாலும் சரியாகும். பாட்டு வேண்டுமானால் USB-யில் கொடுங்கள்.

மூன்றாவது பேட்டரி. சில யூனிட்டுகள் மின்சாரம் முழுக்க நின்று வந்ததும் திருட்டுப் பாதுகாப்புக்காகப் பூட்டிக்கொண்டு ஒரு எண்ணைக் கேட்கும். அந்த எண் ஜப்பானில் இருந்த முதல் உரிமையாளருடனோ விற்றவருடனோ போயிருக்கும். ஆகவே பேட்டரி மாற்றும்போது மின்சாரம் நிற்காமல் இருக்க மாற்று இணைப்பு கொடுத்துச் செய்யும்படி மெக்கானிக்கிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மாற்றிய பிறகு சொல்லிப் பயன் இல்லை.

9. காரைக் கொடுக்கும்போது

விற்கும்போதும், வாடகைக் காரைத் திருப்பும்போதும் போனில் மட்டும் நீக்கினால் போதாது. நீங்கள் பகிர்ந்த பெயர்களும் எண்களும் காரின் நினைவில் நகலாக இருக்கலாம். 設定, Bluetooth, உங்கள் போன் பெயர், 削除 என்று போங்கள். ますか என்று கேட்கும், はい. 削除しました என்று வந்த பின், 電話 பக்கத்தைத் திறந்து பெயர்ப் பட்டியலும் அழைப்புப் பட்டியலும் காலியாகிவிட்டனவா என்று பாருங்கள். பெயர்கள் இன்னும் இருந்தால் அந்தப் பக்கத்திலேயே இன்னொரு 削除 இருக்கும். நேவியில் வீட்டு முகவரியைப் பதித்திருந்தால் அது வேறு இடத்தில் இருக்கும். 自宅 என்ற வரியைத் திறந்து அதையும் நீக்குங்கள்.